ஏழு பேர் சொன்ன சொல்

ஆய்வேட்டின் நான்காம் இயலில் மூன்று கருப்பொருள்கள் இருந்தன. முதல் இரண்டும் நோஞ்சான்கள். மூன்றாவது மட்டுமே நிமிர்ந்து நின்றது. மற்ற இரண்டும் அதன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. அந்த மூன்றாவதை நிறுத்திவைத்திருந்தது ஒரே ஒரு சொல். நேர்காணல் தந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அதைச் சொல்லியிருந்தார்கள்: கைவிட்டுவிட்டேன்.

ஆய்வேடு அக்கா தங்கை இருவரில் இளையவளுடையது. அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் பொது வார்டில் செவிலி. பகுதிநேரமாக முதுகலை படித்துவந்தாள். நெடுநாள் நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்றில் தம் உறவினரைக் கொண்டுபோய்ச் சேர்த்த குடும்பத்தினர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். பட்டம் கிடைத்தால் செவிலியர் பள்ளியில் பயிற்றுநர் பணியிடம் ஒன்று அவளுக்கு வரும். கிடைக்காவிட்டால், வட்டு விலகிய முதுகோடு ஓய்வுபெறும்வரை வார்டிலேயே ஆள் தூக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அவள் பதிவுக் காலத்தை ஏற்கெனவே இருமுறை நீட்டித்துவிட்டார்கள். மூன்றாவது முறை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

வேலையின் முறை எளிது, செய்வதுதான் கடினம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் இறக்கி, அந்தப் படியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். பொருளுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் ஒரு சிறு பெயர் எழுத வேண்டும், அதுதான் குறியீடு. இனம் இனமாகக் குறியீடுகளைச் சேர்த்து, அவற்றின் அடியில் ஓடும் பொதுவான அர்த்தம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் கருப்பொருள். கண்டுபிடித்ததோடு முடிந்துவிடாது. அந்தக் கருப்பொருளை எடுத்துக்கொண்டு மறுபடியும் படிகளுக்குள் போய், அது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா, நாமே கொண்டுபோய் வைத்ததா என்று பார்க்க வேண்டும்.

இளையவள் முதன்முதலில் கொண்டுபோன கருப்பொருள்கள் ‘செலவு’, ‘அலைச்சல்’, ‘உறவினர் பேச்சு’ என்பவை. நெறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்துவிட்டார். அவர் நாற்பது ஆய்வேடுகளைக் கரையேற்றியவர், அதிகம் பேசாதவர்.

“இதெல்லாம் கடைச்சாமான் லிஸ்ட்டும்மா. தீம் இல்ல. நீங்க என்னென்ன கேட்டீங்களோ அதையே தலைப்பாப் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க. அவங்க என்ன சொன்னாங்க?”

“சொன்னதத்தான் மேடம் போட்டிருக்கேன்.”

“செலவப் பத்திச் சொன்னாங்க, சரி. செலவப் பத்தி என்ன சொன்னாங்க? போய்ப் படிங்க. மனப்பாடம் ஆகுறவரைக்கும் படிங்க.”

அவள் படித்தாள். பேருந்தில் படித்தாள், பணி மாறும் இடைவெளியில், துணி மாற்றும் அறையின் மர இருக்கையில் உட்கார்ந்து படித்தாள். அப்படிப் படித்தபோதுதான் அந்தச் சொல் தலைகாட்டத் தொடங்கியது. மகன், மகள், மருமகள், கணவன் என்று ஒருவரையொருவர் அறியாத ஏழு பேர், வெவ்வேறு நாளில், ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். ‘அவரைக் கைவிட்டுவிட்டதுபோல் தோன்றுகிறது.’ எஞ்சிய இருவரின் படியில்கூட அச்சொல் இருந்தது. ஆனால் மறுப்பாக இருந்தது. ‘நான் கைவிட்டேன் என்று சொல்வது சரியல்ல.’ அதற்கு அவள் ‘தற்காப்பு’ என்று குறியிட்டாள். மறுக்கிறவர்களும் அதையே நினைத்துக்கொண்டுதான் மறுக்கிறார்கள் என்று விளக்கமும் எழுதினாள். பங்கேற்பாளரின் வாய்ச்சொல்லையே குறியீடாக எடுத்துக்கொள்வது இத்துறையில் மதிப்புக்குரிய செயல். நெறியாளர் அந்த இயலைப் படித்துவிட்டு, “இப்பத்தான் ஆளுங்க பேசுறாங்க” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இறுதிப் படி கொடுப்பதற்கு முந்தைய சந்திப்பில் நெறியாளர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“இந்த ஆறாம் நம்பர் ஆளு, சலூன் வச்சிருக்காருன்னு சொன்னீங்களே, இவரு பேசுறது கொஞ்சம் மேடைத்தமிழா இருக்கே. யார் டைப் பண்ணது?”

“எங்க அக்கா மேடம். கோர்ட்ல டைப்பிஸ்ட். ஒரு பிழை இருக்காது.”

“பிழை இல்லாததுதான் இடிக்குது. ஒருவாட்டி ஆடியோவோட வச்சு ஒத்துப் பாத்துடுங்க. வெளித்தேர்வாளர் இதெல்லாம் கேப்பாங்க.”

இளையவள் தலையை ஆட்டினாள். ஒலிப்பதிவு இல்லை என்று அவள் சொல்லவில்லை. இல்லாமற்போனது அவள் சோம்பலால் அன்று. எழுத்தில் இறக்கிய உடனே ஒலிப்பதிவை அழித்துவிடுவேன் என்று நெறிமுறைக் குழுவுக்கு அவள் உறுதி கொடுத்திருந்தாள். உறுதிப்படியே ஒவ்வொன்றாக அழித்தும்விட்டாள். அழிப்பதற்குமுன் முழுவதும் ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். முதல் நேர்காணலின் இரண்டு பக்கத்தை மட்டும் ஒத்துப் பார்த்தாள். எழுத்து, எண், பெயர் எல்லாம் அச்சுக்குப் போகலாம் போலிருந்தன. ‘அக்கா அடித்தால் அடித்ததுதான்’ என்று மீதியை விட்டுவிட்டாள்.

ஆறாவதும் எட்டாவதும் மட்டும் எங்கோ இருக்க வேண்டும் என்பது பேருந்தில் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு நாளும் பதிவுக் கருவி மக்கர் செய்ததால் பழைய கைபேசியில் பதிந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கைபேசியைத் தேடி எடுத்து மின்னூட்டிவிட்டு, சோறு சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்தாள். பிறகு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, படியை மடியில் வைத்து, பென்சிலுடன் உட்கார்ந்தாள். வெயில் இன்னும் சன்னலில் இருந்தது.

சலூன்காரர் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு நினைவு தப்பும் நோய். தெருவில் இறங்கி நடந்துவிடுவாள். மனைவியைத் தேடிப் போனதில் ஒருவருக்குப் பாதி மீசையை எடுத்துவிட்டு மறுபாதியை மறுநாள் எடுத்த கதையைச் சொல்லிச் சிரித்தார். இளையவளும் சிரிப்பது கேட்டது. பிறகு அவர், “இப்ப அங்க நல்லாத் தூங்குறா. நானும் தூங்குறேன்” என்றார். அடுத்து ஒலித்தது இளையவளின் குரல்.

“அப்ப, அவங்களக் கைவிட்டுட்ட மாதிரி தோணலையா உங்களுக்கு?”

குரலில் பரிவு இருந்தது. மின்விசிறி ஓடியது. வெளியே யாரோ எதையோ இழுத்துப் போட்டார்கள்.

“ம்,” என்றார் சலூன்காரர். “ஆமா. அப்படித்தான இருக்கும்.”

மடியிலிருந்த படியில் அவள் குரலும் இல்லை, மின்விசிறியும் இல்லை. ‘இப்போது அவள் அங்கே நன்றாக உறங்குகிறாள், நானும் உறங்குகிறேன். ஆயினும், அவளைக் கைவிட்டுவிட்டதுபோல் தோன்றுகிறது’ என்று ஓர் அழகிய பத்தி இருந்தது. இரண்டாம் வாக்கியத்தின் கீழே அவள் சிவப்பில் கோடிட்டிருந்தாள். முதல் வாக்கியத்துக்கு நேரே ‘பிற’ என்று எழுதியிருந்தாள்.

எட்டாவதும் அதேதான். ஒரு மருமகள், மாமனாரைக் குளிப்பாட்டும்போது அவர் அடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இளையவளின் குரல் அதே பரிவோடு அதே கேள்வியைக் கேட்டது. மருமகள், “ஆமாங்க சிஸ்டர்” என்றாள். அவ்வளவுதான். படியில் அது முழு வாக்கியமாகிக் குற்ற உணர்வு சொட்டிக்கொண்டிருந்தது.

சொல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. அது வார்டுச் சொல். பார்வை நேரத்தில் எவரும் எட்டிப் பார்க்காத நோயாளியை, ‘ஏழாம் பெட்டா? அது கைவிட்ட கேஸ்’ என்றுதான் செவிலியர் சொல்வார்கள். அவளும் இருபது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வார்டிலிருந்து நேர்காணலுக்குப் போனபோது சீருடையை மாற்றிக்கொண்டாள், சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் பணி முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனாள். மூத்தவள் நீதிமன்றத்திலிருந்து அப்போதுதான் வந்து, சேலைகூட மாற்றாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் நாற்காலியில் கால் நீட்டியிருந்தார்.

“வாம்மா டாக்டரு” என்றார் அத்தான். அவர் எப்போதும் அப்படித்தான் அழைப்பார். முதுகலைக்கு டாக்டர் பட்டம் கிடையாது என்று அவள் பலமுறை சொல்லியாயிற்று. “கொழுந்தியா முகம் ஏன் இப்படி இருக்கு? வார்டுல யாராச்சும் பிழைச்சுட்டாங்களா?”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் மூத்தவள். “என்னடி?”

இளையவள் படியையும் கைபேசியையும் எடுத்துவைத்தாள். “அக்கா, இதுல நான் குறுக்க கேட்டது ஒண்ணுமே இல்ல.”

“கேள்வி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு அடிச்சுத்தானே குடுத்தேன்.”

“அது தாள்ல எழுதிட்டுப் போன கேள்வி. அவங்க பேசுறப்ப நடுவுல நான் கேட்டது?”

“அது பதிலுக்குள்ளயே வந்துடும்ல.” மூத்தவள் கையிலிருந்த துண்டை நான்காக மடித்து வைத்தாள். “சாட்சி வாக்குமூலம் அப்படித்தான் அடிப்போம். வக்கீல் கேப்பாரு, ‘நீ அந்த இடத்துல இருந்தியா?’ சாட்சி ஆமாம்பான். ‘நான் அந்த இடத்தில் இருந்தேன்’னு அடிக்கணும். இல்லன்னு சொன்னா, ‘நான் அந்த இடத்தில் இருந்தேன் என்று சொல்வது சரியல்ல’. ஜட்ஜ் அப்படித்தான் சொல்லச் சொல்ல அடிப்போம். ஒவ்வொரு ஆமாவும் இல்லையும் தனித்தனியா அடிச்சா ஒரு கேஸுக்கு ஒரு வண்டி காயிதம் வேணும். நான் என்ன கன்னாபின்னான்னா அடிச்சுக் குடுத்தேன்?”

“இல்லக்கா. ஒழுங்காத்தான் அடிச்சிருக்க.”

“பின்ன?”

இளையவள் இரண்டாவது படியைப் புரட்டி, ‘சொல்வது சரியல்ல’ என்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதையும் எடுத்தாள். கேட்காத ஒன்றை மனிதர்கள் மறுப்பதில்லை. அந்த இருவரிடமும் அவள் கேட்டிருக்கிறாள். அப்படியானால் ஒருவரையும் கேட்காமல் விட்டிருக்கமாட்டாள். தற்காப்பு என்று அவள் குறியிட்ட இரண்டு பேர், உள்ளபடி சொன்னவர்கள்.

“அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. மத்த அஞ்சு பேருல, நான் கேக்காம தானா யாராச்சும் சொன்னாங்களா? கைவிட்டுட்டேன்னு?”

மூத்தவள் யோசித்தாள். அவள் யோசிப்பது அரிது. யோசித்தால் நேர்மையாக யோசிப்பாள். “ஒருத்தி சொன்னா. அழுதுக்கிட்டே சொன்னா. மூக்கச் சிந்துற சத்தங்கூட எனக்கு ஞாபகம் இருக்கு.”

“யாரு? மூணாவதா? அஞ்சாவதா?”

“இரு. அவ மகனத்தான…” மூத்தவள் நிறுத்திக்கொண்டாள். “இல்ல. அது வேற. அது ஜீவனாம்ச கேஸு.”

அத்தான் சிரிக்கத் தொடங்கி, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. விளக்கம் வேண்டுமானால் பங்கேற்பாளரை இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. எல்லாரையும் பார்க்க நாளில்லை. ஓரிருவர், ‘அது நீங்க கேட்டது, என் மனசுல அப்படி இல்ல’ என்று சொன்னால் கருப்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் கொண்டு புதிதாக ஏதேனும் எழுதலாம். அவள் முதலில் சலூன்காரரைத் தேர்ந்தெடுத்தாள். அவர் மனதில் பட்டதைச் சொல்லுகிற ஆள்.

சலூன் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் பூட்டுகளுக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, “இப்பல்லாம் சாயங்காலம் ஒரு மணி நேரந்தான் தொறக்குறாரு. வீடு மேலதான், படியேறிப் போங்க” என்றார்.

கதவைத் திறப்பதற்குமுன் உள்ளே இரண்டு தாழ்ப்பாள் நீங்கும் ஓசை கேட்டது. சலூன்காரர் நான்கு நாள் தாடியுடன் இருந்தார். அவருக்குப் பின்னால், கட்டிலில், உயரமான பெண்ணொருத்தி வலக்கையில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். சலூன் துண்டுகள் அவள் முன்னே குவிந்திருந்தன. ஒன்றை எடுத்து இடக்கையால் உதறினாள், மடிக்க முடியாமல் கீழே வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

“வாங்க சிஸ்டர்” என்றார் அவர். “என்ன, பரிட்ச முடிஞ்சுதா?”

“இல்லத்துல இருந்து எப்பக் கூட்டிட்டு வந்தீங்க?”

“நீங்க வந்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கு அடுத்த மாசம்.” உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே. அதுவரைக்கும் எனக்கு அப்படி ஒரு நெனப்பே வரல, பாத்துக்கங்க. அவ தூங்குறா, நான் தூங்குறேன், கடை ஓடுது. நீங்க கேட்டப்பறந்தான் உறைச்சுது. அன்னைக்குப் போன தூக்கந்தான். கத்திரியப் பிடிச்சா கண்ணு சொக்குது. சரி, கொண்டாந்துடுவோம்னு கொண்டாந்துட்டேன்.”

“கை?”

“குளியலறையில விழுந்துட்டா. நான் கீழ ஒருத்தருக்கு முடி வெட்டிட்டிருந்தேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “திரும்பக் கொண்டுபோய் விடலாமான்னு கேட்டேன். அந்தப் பெட்டுக்கு வேற ஆள் வந்தாச்சாம். வரிசையில நிக்கணும்ங்கறாங்க. வரிசை அவ ஆயுசவிட நீளமா இருக்கு.”

இளையவள் கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். பதிவுக் கருவியை அவள் வெளியே எடுக்கவில்லை. சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அதில் பாதிதான் வாயில் வந்தது.

“அண்ணே, அது நீங்க சொன்னது இல்ல. நான் கேட்டது. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீங்க தூங்குறேன்னு சொன்னீங்க. அதத்தான் நான் கேட்டு எழுதியிருக்கணும்.”

“நீங்க கேக்காட்டி எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

“தெரிய ஒண்ணும் இல்லண்ணே. நீங்க அவங்களக் கைவிடல.”

“நீங்க படிச்சவங்க. எத்தன பேரப் பாக்குறீங்க. என் மூஞ்சியப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“உங்களப் பாத்துக் கேக்கல. எல்லார்கிட்டயும் அதையேதான் கேட்டிருக்கேன்.”

சலூன்காரர் இதைக் கவனத்துடன் கேட்டுக்கொண்டார். “எல்லாரும் என்ன சொன்னாங்க?”

அவள் கட்டிலில் இருந்தவளின் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“ஆமான்னுதான சொன்னாங்க?”

“ஏழு பேர்.”

“அப்பச் சரிதான்” என்றார் சலூன்காரர். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு நேரானவரின் அமைதி இருந்தது. “ஏழு பேருக்கும் பொய் சொல்லணும்னு என்ன இருக்கு?”

அந்த ஏழு பேரில் நீங்கள் ஒருவர் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் மீதி ஆறைப் பிடித்துக்கொண்டிருப்பார். கட்டிலில் இருந்தவள் ஒரு துண்டை எடுத்து இளையவளிடம் நீட்டினாள். இளையவள் அதை வாங்கி மடித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் பிரித்து உதறினாள்.

படியிறங்கும்போது சலூன்காரர் மேலிருந்து, “எழுதுங்க சிஸ்டர். என் பேரக்கூடப் போடுங்க, பரவால்ல” என்றார்.

நெறியாளர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அதற்குரிய குவளையில் வைத்தார்.

“இப்ப அவரே ஆமாங்கறாரு இல்லையா? திரும்பப் போய்க் கேட்டீங்க, பங்கேற்பாளர் உறுதி பண்ணிட்டாரு. அப்படின்னு ஒரு பத்தி எழுதலாம்.” இதைச் சொல்லும்போது அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் சிறிது நேரம் அந்தப் பத்தி எழுதப்பட்டு, தேர்வாளரால் பாராட்டப்பட்டு, பட்டமும் வாங்கியது. “எழுதக் கூடாது” என்றார் நெறியாளர் கடைசியில். “அவரு உறுதி பண்றது உங்க கேள்விய. உங்க டேட்டாவ இல்ல.”

“மூணாவது தீம எடுத்துட்டா என்ன மேடம் மிச்சம்?”

“செலவும் அலைச்சலும்.”

“மத்தவங்களத் திரும்பப் போய்ப் பாத்தா?”

“பாத்து, என்ன கேப்பீங்க?” நெறியாளரின் குரலில் கடுமை இல்லை. “எட்டு பேரு வீட்டுலயும் அந்தக் கேள்வி இப்ப உக்காந்துட்டு இருக்கும். முதல்ல குழுவுக்கு எழுதுங்க. ஒருத்தருக்குப் பாதிப்பு வந்திருக்கு, மறைக்கக் கூடாது. அப்புறம் படி எப்படி எடுத்தீங்கன்னு உள்ளத உள்ளபடி எழுதிச் சமர்ப்பிங்க. நேரம் முடியுறதுக்குள்ள வேற வழி எனக்குத் தெரியல. நான் பக்கத்த நம்பினேன். ஆடியோவ அன்னைக்கே கேட்டிருக்கணும், நானும்.”

அவள் எழுதினாள். நெறிமுறைக் குழு உடனே கூடியது. பங்கேற்பாளருக்கு ஏற்பட்ட இன்னலுக்கு வருத்தம் தெரிவித்தது. அவருக்கு ஆலோசகர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தரச் சொன்னது. கூடவே, அழிப்பதாக உறுதி கூறிய ஒலிப்பதிவுகளில் இரண்டு, பூட்டில்லாத பழைய கைபேசி ஒன்றில் இருந்துவந்தது விதிமீறல் என்று கண்டு, அவற்றை உடனே அழித்து அழித்ததற்குச் சான்று தருமாறு பணித்தது. குழுவின் செயலர் முன்னிலையில் இளையவள் இரண்டையும் அழித்தாள். சலூன்காரர் பாதி மீசைக் கதை சொல்லிச் சிரித்த சிரிப்பும் போயிற்று. ஆலோசகரின் எண்ணை எழுதி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் அதைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்து, “பேசுறேன்” என்றார். பேசமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

வாய்மொழித் தேர்வன்று வெளித்தேர்வாளராக வந்திருந்தவர் அமைதியான மனிதர். ஆய்வேட்டை முழுவதும் படித்திருந்தார். அது அவளுக்கு நல்லதாகப் போகவில்லை.

“மூணாம் இயல்ல படி எடுத்த முறையப் பத்தி எழுதியிருக்கீங்க. நேர்மையா எழுதியிருக்கீங்க. இத யாரும் எழுதமாட்டாங்க.”

“நன்றி சார்.”

“நாலாம் இயலப் பாக்கும்போது எனக்கு ஒண்ணு புரியல. கேள்விகள் பதிலுக்குள்ள கலந்துபோச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப ‘செலவு’ன்னு இங்க வச்சிருக்கீங்களே, அது மட்டும் அவங்க சொன்னதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது கருப்பொருளைத் தூக்கிவிட்டால் மற்ற இரண்டுமாவது தப்பும் என்று நினைத்திருந்தாள். நெறியாளர் குனிந்து தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“சொல்ல முடியாது சார்.”

“ஆடியோ?”

“இல்ல சார்.”

“எழுதின குறிப்பு ஏதாவது? பேட்டி முடிஞ்சதும் உக்காந்து எழுதுவோமே.”

“டியூட்டிக்கு ஓடிட்டேன் சார்.”

தேர்வாளர் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். அவர் குற்றம் தேடவில்லை. ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பவரைப்போல் புரட்டினார். பிறகு மூடிவைத்தார்.

“ஒன்பது பேரு வீட்டுக்குப் போயிருக்கீங்க. நேருல பாத்திருக்கீங்க. இதெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, சும்மா சொல்லுங்க. அவங்க என்னதான் சொன்னாங்க?”

இளையவள் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். முகங்கள் வந்தன. சமையலறைகளும், மேசை விரிப்புகளும், ஒரு வீட்டில் காலடியில் வந்து படுத்த பூனையும் வந்தன. அவர்கள் வாய் திறந்தபோதெல்லாம், மனப்பாடம் ஆகும்வரை அவள் படித்த அக்காவின் வாக்கியங்களே வந்தன; முற்றுப்புள்ளியோடு, பிழையில்லாமல்.

“ஞாபகம் இல்ல சார்” என்றாள்.

முடிவை அப்போதே சொல்லிவிட்டார்கள். புதிய நேர்காணல்கள் எடுத்து மறுபடியும் சமர்ப்பிக்கலாம் என்பது தேர்வாளரின் பரிந்துரை. பதிவுக் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிந்துவிடும் என்பது அலுவலகத்தின் குறிப்பு. இரண்டும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நெறியாளர் வாசல்வரை வந்து அவள் தோளில் கை வைத்தார். பிறகு திரும்பிப் போனார்.

மூத்தவள் அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து, கீழ்த்தளத்து நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். தங்கையைக் கண்டதும் எழுந்தாள்.

“நான் வேணா உள்ள வந்து சொல்லட்டுமா? நாந்தான் அடிச்சேன்னு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கூடத் தர்றேன்.”

“வேணாங்கா.”

“உன் மேல தப்பு இல்லன்னாவது தெரியும்ல.”

“என் மேலதாங்கா தப்பு. நீ எப்படி அடிச்சேன்னு எனக்குத் தெரியாமப் போனது உன் தப்பில்ல.” இளையவள் தாளைப் பையில் வைத்தாள். “ரெண்டு மணிக்கு டியூட்டி. கிளம்பலாமா?”

மூத்தவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் வெயிலில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.